கையைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள்
பந்துக்குப் பயப்படும் பிள்ளைக்கு ஃபீல்டிங் கற்றுத்தருவது எப்படி?

கேட்ச் பிடிக்கப் பயப்படும் பிள்ளையை ஓரிரு பந்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பந்து புறப்பட்டதும் இரண்டு கைகளும் முன்னால் விறைத்து நீளும். விரல் நுனிகள் நேராகப் பந்தைப் பார்த்து நிற்கும். பந்து வந்து சேர இன்னும் ஒரு கை தூரம் இருக்கும்போதே முகம் பக்கவாட்டில் திரும்பிவிடும். கண் இறுக மூடிக்கொள்ளும். பந்து விரலில் பட்டுத் தெறிக்கும், இல்லையென்றால் நெஞ்சில் மோதிக் கீழே விழும். அடுத்த பந்துக்கு அந்தப் பிள்ளை அரையடி பின்னால் போய் நிற்கும்.

ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் வழக்கமாக இரண்டு வார்த்தைகளைச் சொல்வார்கள்: “பந்தைப் பாரு!”, “பயப்படாதே!” இரண்டாலும் பலன் கிடைப்பதில்லை. கண்ணை நோக்கி ஒரு பொருள் வேகமாக வந்தால் இமை மூடுவதும் முகம் திரும்புவதும் நாம் யோசித்துச் செய்கிற காரியங்கள் அல்ல. கண்ணைக் காப்பாற்ற உடல் தானாகச் செய்யும் வேலை அது. அதைக் கட்டளை போட்டு நிறுத்த முடியாது. வருகிற பொருளால் ஆபத்தில்லை என்று உடலுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினால்தான் அது மெல்லத் தளரும்.

ஆகவே இங்கே மாற்றவேண்டியது முதலில் பந்தை, பிறகு தூரத்தை, பிறகு உயரத்தை, பிறகு வேகத்தை. பிள்ளையின் மனத்தை மாற்றும் வேலை கடைசியில் தானாக நடந்துவிடும். எத்தனை கேட்ச் பிடித்தாள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, பந்து கையில் படும் கணத்தில் கண் திறந்திருந்ததா என்று பார்க்கவேண்டும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பந்தைத் தவறவிடும் பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு தற்செயலாகப் பிடித்துவிடும் பிள்ளையைவிட முன்னால் இருக்கிறது.

ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்பது வயதுச் சிறுமி. கோடை விடுமுறைப் பயிற்சி முகாமில் சேர்ந்திருக்கிறாள். பேட்டிங் பிடிக்கும், பந்து வீசவும் பிடிக்கும். ஆனால் தெருவில் அண்ணனோடு ஆடும்போது ஒருமுறை கார்க் பந்து உதட்டில் பட்டது. அதிலிருந்து யார் பந்தை வீசினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்படி ஒரு பிள்ளை இல்லாத முகாமே கிடையாது. அவளோடு படிப்படியாகப் போய்ப் பார்ப்போம்.

எந்தப் பந்து?

பெரியவர்கள் ஆடும் லெதர் பந்தின் எடை 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பந்து அதைவிடச் சற்றுச் சிறியது. 133 முதல் 144 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. சிறுவர்களுக்கென்று செய்த லெதர் பந்துகூட டென்னிஸ் பந்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எடை கொண்டது; அழுத்தினாலும் உள்ளே போகாது. நம் ஊர்த் தெருக்களில் பரவலாக ஓடும் கார்க் பந்தும் கடினமானதுதான். சிமென்ட் தரையில் பட்டால் சீறி எழும்பும். பயந்த பிள்ளைகளில் பலருக்கு முதல் அடி அந்தப் பந்தால்தான் விழுந்திருக்கும்.

“அப்படியானால் டென்னிஸ் பந்தில் தொடங்கலாமே” என்று தோன்றும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. டென்னிஸ் பந்து வலிக்காது, ஆனால் துள்ளும். உள்ளங்கையில் சரியாக வந்து விழுந்தாலும் விரல்கள் மூடுவதற்குள் எகிறி வெளியே போய்விடும். கை எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கும், பந்து மட்டும் நிற்காது. “நமக்கு வரவே வராது” என்று பிள்ளை முடிவுகட்டும் இடம் அது.

எனவே முதல் பந்து மென்மையாக இருந்தால் மட்டும் போதாது; துள்ளாததாகவும் இருக்கவேண்டும். அதற்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. பழைய சாக்ஸ் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று திணித்து உருட்டி, வாயை ரப்பர் பேண்டால் கட்டினால் முடிந்தது. அது கையில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும்; முகத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அடுத்தது ஸ்பாஞ்ச் பந்து. மூன்றாவதாக, ஆடி ஆடி மேல் ரோமம் தேய்ந்து காற்று இறங்கிய பழைய டென்னிஸ் பந்து. நான்காவதாகப் புது டென்னிஸ் பந்து. ஐந்தாவதாக, தையல் வரியோடு லெதர் பந்தின் தோற்றத்தில் செயற்கைப் பொருளால் செய்து, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும்படி விற்கிறார்களே, அந்தப் பந்து. அதற்கெல்லாம் பிறகுதான் லெதர்.

இந்த வரிசையில் பந்து மாறும்போது வேறு எதையும் மாற்றக்கூடாது. தூரம் கூடும்போது பந்து மாறக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு, கண் மறுபடி மூடிக்கொண்டால், எது பயமுறுத்தியது என்று நமக்குத் தெரியாமல் போய்விடும்.

வயதையும் கணக்கில் எடுக்கவேண்டும். நான்கைந்து வயதுப் பிள்ளை பந்தை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துத்தான் பிடிக்கும். வெறும் உள்ளங்கையால் பிடிக்கும் பக்குவம் பெரும்பாலும் ஏழெட்டு வயதை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன்னால் சின்னப் பந்தைக் கொடுத்து “கையால் பிடி” என்று வற்புறுத்துவதில் பொருளில்லை. அந்த வயதுக்குப் பெரிய ஸ்பாஞ்ச் பந்தோ பலூனோ போதும். பலூன் மெதுவாக இறங்குவதால், கண் கடைசிவரை அதன் கூடவே போகும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 2017-ல் தொடங்கிய ‘ஆல் ஸ்டார்ஸ்’ திட்டம் 5 முதல் 8 வயதுவரையான பிள்ளைகளுக்கு மென்பந்தையே கொடுக்கிறது.

தரையிலிருந்து தொடங்குங்கள்

நம் சிறுமிக்கு முதல் நாள் கேட்ச் கிடையாது. உருண்டு வரும் பந்து மட்டும்தான். காரணம் எளிது: உருளும் பந்து முகத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. கண் மூடவேண்டிய அவசியமே இல்லாத இடத்தில், பந்தைக் கடைசிவரை பார்க்கும் பழக்கத்தை முதலில் உண்டாக்கிவிடலாம்.

முதலில் இருவரும் காலை அகட்டித் தரையில் உட்கார்ந்து மூன்று மீட்டர் தூரத்தில் உருட்டிக்கொள்ளட்டும். பிறகு எழுந்து நின்று, குனிந்து எடுக்கட்டும். இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும். பந்து வந்த பிறகு குனிவதைவிட, முன்பே குனிந்து கையைத் தரையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது நல்லது. தாழ்ந்திருக்கும் கை, பந்து எழும்பினால் அதோடு மேலே வந்துவிடும். உயரத்தில் இருக்கும் கையால் அதே வேகத்தில் கீழே போக முடிவதில்லை. காலுக்கிடையே பந்து போய்விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்தது ‘லாங் பேரியர்’. வலது கையால் எறிகிற பிள்ளை வலது பாதத்தைப் பந்தின் பாதைக்குக் குறுக்கே வைக்கவேண்டும். இடது முழங்காலை அந்த வலது குதிகாலை ஒட்டித் தரையில் ஊன்றவேண்டும். இப்போது பாதமும் முழங்காலும் கெண்டைக்காலும் சேர்ந்து இடைவெளியில்லாத ஒரு தடுப்பாகிவிடும். கைகள் அதற்கு முன்னால், விரல்கள் தரையைப் பார்த்தபடி. கை தவறினாலும் கால் நிறுத்திவிடும். இடக்கைப் பிள்ளைக்கு இதை அப்படியே மாற்றிக்கொள்ளவேண்டும். முழங்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவே சந்து விடுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் பிழை. பந்து அந்தச் சந்துக்குள் நுழைவதைப் பிள்ளையே பார்த்தால் இரண்டு மூன்று முறையில் திருத்திக்கொள்ளும்.

மண் தரை விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மேடுபள்ளமான மைதானத்தில் உருண்டு வரும் பந்து கல்லில் பட்டு முகத்துக்கு எழும்பும். நன்றாக ஆடும் பையன்கள்கூட அதனால்தான் கடைசி நொடியில் தலையைத் தூக்கித் திரும்பிக்கொள்கிறார்கள். பயந்த பிள்ளைக்குத் தரைப்பயிற்சியைச் சமமான சிமென்ட் தளத்திலோ விரிப்பின் மேலோ தொடங்குவது நல்லது. கரடான மண்ணுக்குப் போகும்போது பந்தை மறுபடி ஸ்பாஞ்சுக்கு இறக்கிவிடுங்கள். “எழும்பினால் எழும்பட்டும், ஸ்பாஞ்ச்தானே” என்று தெரிந்தால் தலை திரும்பாது.

தானே வீசித் தானே பிடிப்பது

கேட்ச் பயிற்சியில் முதல் வீச்சு பிள்ளையின் கையிலிருந்தே வரவேண்டும். பந்து எப்போது வரும், எவ்வளவு வேகத்தில் வரும், எங்கே வரும் என்று தெரியாததுதான் பயத்தின் பெரும்பகுதி. தானே மேலே போட்டுத் தானே பிடித்தால் இந்த மூன்றுமே தெரிந்துவிடும்.

சிறுமி சாக்ஸ் பந்தை முதலில் நெற்றி உயரத்துக்குப் போட்டுப் பிடிக்கிறாள். பிறகு தலைக்குச் சற்று மேலே. பிறகு மேலே போட்டு ஒருமுறை கைதட்டிவிட்டுப் பிடிக்கிறாள். கைதட்டும் வேலையில் மனம் போய்விடுவதால் பயம் கொஞ்சம் மறக்கும். தட்டிய கை சரியான நேரத்தில் திரும்பவும் விரியப் பழகும். பிறகு டென்னிஸ் பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது பிடிக்கிறாள். பிறகு சுவரில் எறிந்து, ஒரு பிட்ச் விழுந்து வருவதைப் பிடிக்கிறாள். தெருவில் ‘ஒன் பிட்ச் கேட்ச்’ ஆடிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. தரையில் பட்டு எழும்பும் பந்து வேகம் குறைந்து வருகிறது. அதன் போக்கைக் கணிக்கக் கூடுதல் நேரமும் கிடைக்கிறது.

கண் திறந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கூச்சமாகிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. நான்கைந்து பந்துகளில் மார்க்கரால் பெரிதாக ஒவ்வொரு எழுத்தை எழுதிவையுங்கள். பிடித்தாலும் சரி, விட்டாலும் சரி, எழுத்தைச் சொல்லவேண்டும்.

“என்ன எழுத்து, பாப்பா?”

“‘ம’ சார்... இல்ல, ‘ழ’!”

“பந்து கீழ விழுந்துடுச்சு, ஆனா எழுத்து சரி. ஒரு பாயின்ட்!”

விழுந்த பந்துக்கும் பாயின்ட் கிடைக்கும் என்று தெரிந்ததும் பிள்ளையின் உடம்பில் இறுக்கம் குறைவதைக் கண்ணால் காணலாம். தோள் இறங்கும், முழங்கை மடங்கும். எழுத்தைப் படிக்கவேண்டும் என்பதற்காக முகம் தானாகவே பந்தின் பக்கம் இருக்கும். “பந்தைப் பாரு” என்று நூறு முறை கத்தி வராத பலன் இந்த எழுத்துகளால் வரும்.

வீசுபவரின் பொறுப்பு

அடுத்த படியில்தான் இன்னொருவர் பந்து வீசுகிறார். இங்கேதான் பெரும்பாலான பயிற்சிகள் கெடுகின்றன. பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதால் பந்தை நேராகத் தள்ளிவிடுகிறோம். அது தவறு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

மூன்று மீட்டர் தூரத்திலிருந்து விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நேராக எறிந்தால், பந்து 0.3 விநாடியில் போய்ச் சேரும். ஒன்றைப் பார்த்துக் கையை அசைக்கத் தொடங்கவே பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகிறது. சிறுவர்களுக்கு இன்னும் அதிகம். ஆக, அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது கண்ணிமைக்கும் நேரம், கண்தான் இமைக்கிறது. அதே மூன்று மீட்டர் தூரத்திலிருந்து, இடுப்பு உயரத்தில் விட்ட பந்து ஒரு மீட்டர் மேலே எழும்பி வளைந்து இறங்கும்படி அண்டர்ஆர்மில் போட்டால், அது போய்ச்சேர ஏறத்தாழ 0.9 விநாடி ஆகும். மூன்று மடங்கு நேரம். தூரம் மாறவில்லை, பந்து மாறவில்லை. வீசும் விதம் மட்டும்தான் மாறியது.

பந்து எங்கே இறங்கவேண்டும் என்பதும் முக்கியம். இடுப்புக்கு நேராக, உடம்புக்கு ஓரடி முன்னால். நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வருவதுதான் மிகக் கடினமான கேட்ச். அந்த உயரத்தில் விரலை மேல்நோக்கி வைப்பதா கீழ்நோக்கி வைப்பதா என்று கைக்குக் குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தில்தான் முகத்தில் அடிபடும். அந்த உயரத்தைக் கற்றுத்தரக் கடைசியில் நேரம் இருக்கிறது.

விரல்களுக்கு ஒரே விதியைச் சொன்னால் போதும். இடுப்பை ஒட்டி வரும் பந்துக்கு விரல்கள் கீழ்நோக்கி, சுண்டுவிரல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். தலைக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் மேல்நோக்கி, கட்டைவிரல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். எப்போதும் எந்த விரலும் பந்தை நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. விரல் நுனியில் பந்து மோதுவதால்தான் மூட்டு வீங்குகிறது.

கடைசியாக, பந்தோடு கை பின்னால் வரவேண்டும். “சாஃப்ட் ஹேண்ட்ஸ்” என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான். விறைத்த கையில் பந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. பின்னால் இழுத்து, வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து பிடித்தால் இருபது சென்டிமீட்டர் வந்து நிற்கிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால் கை வாங்கும் சராசரி விசை பத்தில் ஒன்றாகிறது. கை எரியாமல் இருப்பதும், பந்து எகிறாமல் இருப்பதும் இதனால்தான். இதைப் பிள்ளைக்குப் புரியவைக்கத் தண்ணீர் நிரப்பிய சின்ன பலூனைக் கொடுங்கள். விறைத்த கையில் அது உடைந்து நனைத்துவிடும்; கையை இழுத்துப் பிடித்தால் உடையாது. உடைந்த ரப்பர் துண்டுகளை உடனே பொறுக்கிவிடவேண்டும். சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து.

அந்தச் சிறுமியின் வாரங்கள்

இப்போது அவளுடைய பயிற்சியை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் கேட்சுக்கென்று பத்து நிமிடம்தான். பயத்தோடு செய்யும் பயிற்சியில் பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும். களைத்த கையில் பந்து தவறும்.

முதல் வாரம் உருட்டலும், தானே வீசித் தானே பிடிப்பதும். இரண்டாம் வாரம் மூன்று மீட்டரில் சாக்ஸ் பந்து, மேலெழுப்பிய அண்டர்ஆர்ம் வீச்சு. பத்து பந்து போடும்போது எட்டில் எழுத்தைச் சரியாகச் சொன்னால் அடுத்த படி. எத்தனை பிடித்தாள் என்பது இந்தக் கணக்கில் இல்லை.

மூன்றாம் வாரம் அதே தூரத்தில் ஸ்பாஞ்ச் பந்து, பிறகு பழைய டென்னிஸ் பந்து. டென்னிஸ் பந்து வந்ததும் பந்து கையிலிருந்து துள்ளத் தொடங்கும். கண் திறந்திருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை என்றால் அது பயம் அல்ல, கை விறைப்பு. தண்ணீர் பலூனை மறுபடி எடுக்கவேண்டிய நேரம். கண் மூடிக்கொள்கிறது என்றால் அது பயம். ஒரு படி இறங்கி ஸ்பாஞ்சுக்குத் திரும்பவேண்டிய நேரம். இரண்டுமே வெளியே “கேட்சை விட்டாள்” என்றுதான் தெரியும். மருந்து வேறு வேறு.

நான்காம் வாரம் தூரம் ஐந்து மீட்டர். இங்கே அவள் மறுபடி முகத்தைத் திருப்பினாள் என்று வைத்துக்கொள்வோம். பதற்றம் வேண்டாம். நான்கு மீட்டருக்கு வந்து, அவள் நன்றாகச் செய்த பந்திலேயே அன்றைய பயிற்சியை முடித்துக்கொள்ளவேண்டும். தவறிய பந்தோடு வீட்டுக்குப் போகிற பிள்ளை, மறுநாள் அந்தப் பந்தின் நினைவோடுதான் வரும். அடுத்த நாள் நான்கு மீட்டரில் தொடங்கி ஐந்துக்குப் போனால் பெரும்பாலும் தாண்டிவிடுவாள்.

ஐந்தாம் வாரத்தில்தான் கால் அசையும் கேட்ச். ஒரு எட்டு வலது, ஒரு எட்டு இடது, ஒரு எட்டு முன்னால். பின்னால் ஓடிப் பிடிப்பதை இப்போது தொடவேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்து வாரம் என்று இல்லை. சிலர் இரண்டு வாரத்தில் முடிப்பார்கள், சிலருக்கு ஒரு சீசன் ஆகும். படி எது என்று தெரிந்திருந்தால் காலத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை.

உயரக் கேட்ச்

வானத்தில் ஏறி இறங்கும் பந்துக்குப் பயப்படாத பிள்ளை அரிது. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்துகூடக் கையில் சேரும்போது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் வரும். உயரம் கூடக்கூட வேகமும் கூடும். அதைவிட முக்கியமாக, அந்தப் பந்தைப் பிடிக்க முகத்தை மேலே தூக்கவேண்டும். முகம்தான் அவர்கள் காப்பாற்ற நினைக்கும் இடம்.

இதற்கும் ஸ்பாஞ்ச் பந்திலிருந்தே தொடங்கவேண்டும், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று. முதல் பயிற்சியில் பிடிக்கவே வேண்டாம். பந்து மேலே போனதும் பிள்ளை ஓடிப்போய், அது தன் முன்னால் ஓரடியில் விழும்படி நின்றால் போதும். உயரக் கேட்சில் பாதி வேலை இந்த இடம் பிடிக்கும் வேலைதான். இடம் தெரிந்துவிட்டால் கை பிறகு வரும். இடம் வந்த பிறகு நெற்றிக்கு முன்னால் கைகளைக் கோத்துப் பிடிக்கச் சொல்லலாம். பயிற்சியாளர் பந்தைக் கையால் எறிவதைவிட டென்னிஸ் ராக்கெட்டால் தட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்கு அனுப்ப முடியும்.

இரண்டு பிள்ளைகள் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொள்வது பந்தால் படும் அடியைவிட மோசமானது. ஆகவே, யாருடைய கேட்ச் என்று பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்கும் பழக்கத்தை ஸ்பாஞ்ச் பந்துக் காலத்திலேயே கற்றுத்தரவேண்டும்.

எங்கே கெடுகிறது?

முகாம்களில் பிரபலமான ஓர் ஆட்டம் உண்டு. வட்டமாக நின்று பந்தைப் போட்டுப் பிடிக்கவேண்டும், விட்டவர் வெளியே. இதில் முதலில் வெளியேறுவது யார்? பயிற்சி மிகவும் தேவைப்படும் பிள்ளைதான். மீதி நேரம் முழுக்க அது மற்றவர்கள் பிடிப்பதை வேடிக்கை பார்க்கும். ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும்: விட்டவர் வெளியே போகவேண்டாம், ஒரு படி மென்மையான பந்துக்கு இறங்கட்டும், பிடித்தவர் ஒரு படி கடினமான பந்துக்கு ஏறட்டும். எல்லோர் கையிலும் பந்து இருந்துகொண்டே இருக்கும்.

பத்துப் பேரை ஒரே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக வந்து பிடிக்கச் சொல்வதும் கெடுதல்தான். பயந்த பிள்ளைக்குத் தன் முறை வரும்வரை பயத்தை வளர்த்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மொத்தப் பேரும் பார்க்க ஒரே ஒரு பந்து வருகிறது. இருவர் இருவராகப் பிரித்துவிட்டால் பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஐம்பது பந்துக்கு மேல் கிடைக்கும். யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள்.

எத்தனை படி இறங்கினாலும் பந்து ஒரே பக்கமாகவே தவறுகிறது, அல்லது பந்து வந்து பட்ட பிறகுதான் கை மூடுகிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். தூரப்பார்வைக் குறையோ, இரண்டு கண்ணும் ஒன்றுசேர்ந்து இயங்காத குறையோ இருக்கும் பிள்ளைக்குப் பந்து கடைசி நேரத்தில்தான் தென்படும். அந்தப் பயத்துக்கு எந்தப் பந்தும் மருந்தல்ல. கண்ணாடி போடும் பிள்ளைக்கு உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுவிடுவது அவசியம்.

விரலில் அடிபட்டால் நம் ஊரில் உடனே ஒருவர் வந்து விரலைப் பிடித்து இழுத்துச் சொடுக்கெடுப்பார். அதைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். எலும்பு விரிசல் விட்டிருந்தாலோ தசைநார் கிழிந்திருந்தாலோ இழுப்பது அதை மோசமாக்கும். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். விரல் வளைந்து தெரிந்தாலோ, நுனியை நிமிர்த்த முடியாவிட்டாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

லெதர் பந்துக்குப் போகும் நாள்

டென்னிஸ் பந்தில் பத்து மீட்டரில் அலட்சியமாகப் பிடிக்கும் பிள்ளைக்கு லெதர் பந்தையும் அதே பத்து மீட்டரிலிருந்து போடுவது வழக்கம். பல மாத உழைப்பு அந்த ஒரு பந்தில் போய்விடும். புதுப் பந்து வந்தால் பயிற்சி மீண்டும் தரையிலிருந்து தொடங்கவேண்டும்: உருட்டல், தானே வீசிப் பிடிப்பது, மூன்று மீட்டர் அண்டர்ஆர்ம். முன்பு வாரக்கணக்கில் ஏறிய படிகளை இந்த முறை சில நாள்களில் ஏறிவிடுவார்கள். லெதர் பந்து டென்னிஸ் பந்தைப்போலத் துள்ளாது, கையில் நன்றாக உட்காரும். அதைப் பிள்ளை தானே கண்டுகொள்ள வழி விடவேண்டும். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவர்களுக்கான எடையுள்ள பந்தையே வாங்குங்கள்.

முதல் மேட்ச் வரும்போது பயந்த பிள்ளையை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் வரும். வழக்கமாக ஃபைன் லெக் எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அரைமணி நேரம் ஒன்றும் வராது. பிறகு திடீரென்று உயரத்தில் ஒன்று வரும். பயந்த பிள்ளைக்கு அதைவிடத் தவறான இடம் கிடையாது. பேட்டருக்கு மிக அருகில் நிறுத்துவதும் கூடாது. ஏக்நாத் சோல்கர் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்று 27 டெஸ்ட்களில் 53 கேட்ச் பிடித்தார் என்பது உண்மைதான். அது வளர்ந்த, தேர்ந்த ஒருவரின் வேலை. இங்கிலாந்தில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பேட்டரின் நடு ஸ்டம்பிலிருந்து 11 கெஜத்துக்குள், அதாவது பத்து மீட்டருக்குள் நிற்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆஃப் சைடில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மட்டும் விலக்கு. நம் முகாம்களிலும் இதையே பின்பற்றலாம்.

நம் சிறுமிக்கு ஏற்ற இடம் மிட் ஆஃப். பந்து புறப்படும் இடத்திலிருந்து அங்கே தொலைவு இருக்கிறது. வருவதில் பெரும்பாலானவை உருண்டு வரும். ஓவருக்கு ஒன்றிரண்டாவது வரும். அவள் முதல் நாள் கற்றது உருண்டு வரும் பந்தைத்தான். முகாமில் ஏறிய அதே வரிசையில் மேட்சிலும் பந்துகள் அவளிடம் வரட்டும். கேட்ச் வரும்போது வரும். அதற்குள் அவள் பல பந்துகளைக் கடைசிவரை கண் திறந்து பார்த்திருப்பாள்.